ராஜினாமா கடிதம் கடைசியில் போகட்டும்

கேள்வி: நானும் கல்லூரி நண்பன் ஒருவனும் 2021-இல் கோவையில் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்கினோம். திருப்பூர் சாய ஆலைகளும் நிட்டிங் யூனிட்டுகளும் தங்கள் ஜாப் ஒர்க் ஆர்டர்களைக் கவனித்துக்கொள்ளும் மென்பொருள்தான் எங்கள் தொழில். இயக்குநர்கள் நாங்கள் இருவர் மட்டுமே. ஆளுக்கு 4,800 பங்கு. பிறகு மூன்று ஏஞ்சல் முதலீட்டாளர்கள் பங்கு 5,000 ரூபாய் வீதம் 1,200 பங்குகள் எடுத்தார்கள். அப்போது போட்ட ஒப்பந்தப்படி எங்கள் பங்குகளுக்கு 48 மாத வெஸ்டிங், அதாவது பங்குகள் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் முழுசாக எங்களுடையதாகும். 30 மாதம் முடிந்துவிட்டது. வீட்டுச் சூழ்நிலையால் நான் விலகுகிறேன். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. "எல்லாப் பங்கையும் முகமதிப்பு பத்து ரூபாய்க்கு என் பேருக்கு மாத்திக் குடுத்துடு. ராஜினாமாவை இன்னிக்கே மெயில்ல போட்டுடு. இன்வெஸ்டர்ஸ்கிட்ட எல்லாம் முடிஞ்சதும் சொல்லிக்கலாம்" என்கிறான் நண்பன். மூன்று வருஷம் இதே துறையில் வேலை பார்க்க மாட்டேன் என்று எழுதித் தரவும் சொல்கிறான். எனக்கோ ஒரு ஜவுளி மென்பொருள் நிறுவனத்திலிருந்து வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது. என்ன செய்யட்டும்? – கோவை வாசகர்

பதில்: முதலில் அந்த ராஜினாமா மெயிலை இன்றைக்கு அனுப்பாதீர்கள். உங்கள் நண்பர் சொன்ன எல்லாவற்றிலும் அதிகச் சிக்கலைக் கொண்டுவரக்கூடியது அதுதான். பார்க்க மிகச் சாதாரணமாகத் தெரிவதும் அதுதான்.

பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்குக் குறைந்தது இரண்டு இயக்குநர்கள் வேண்டும். போர்டு கூட்டத்துக்கும் குறைந்தது இரண்டு பேர் உட்கார வேண்டும். கம்பெனிகள் சட்டம் 2013-இன் 168-ஆம் பிரிவுப்படி, இயக்குநரின் ராஜினாமா கம்பெனிக்குக் கிடைத்த நாளிலிருந்தோ, கடிதத்தில் அவர் குறிப்பிட்ட நாளிலிருந்தோ, எது பிந்தியதோ அதிலிருந்து நடப்புக்கு வந்துவிடும். யாரும் ஏற்றுக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. நீங்கள் இன்று தேதி போடாமல் மெயில் அனுப்பினால் இன்றே உங்கள் பதவி போய்விடும். நாளைக்கு உங்கள் நண்பர் ஒற்றை இயக்குநர். அப்படி எண்ணிக்கை குறைந்துபோன போர்டு சட்டப்படி இரண்டே காரியங்கள் செய்யலாம்: இன்னொரு இயக்குநரைச் சேர்த்து எண்ணிக்கையைச் சரிசெய்யலாம், அல்லது பொதுக்குழுவைக் கூட்டலாம். உங்கள் பங்கு மாற்றத்தைப் பதிவு செய்து தீர்மானம் போட முடியாது.

இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் இரண்டு பேர் நடத்திய ஒரு சின்னக் கம்பெனியின் கோப்பு என்னிடம் வந்தது. புதிதாகப் பணம் போட வந்த முதலீட்டாளரின் வழக்கறிஞர், பழைய மினிட்ஸ் புத்தகத்தைக் கேட்டிருந்தார். விலகிய பங்குதாரரின் ராஜினாமா மெயிலில் மாதத்தின் 3-ஆம் தேதி. பங்கு மாற்றத்தை ஏற்றுக்கொண்ட போர்டு தீர்மானத்தில் அதே மாதம் 24. கையெழுத்து ஒன்றே ஒன்று. நடுவில் இன்னொரு இயக்குநரைச் சேர்த்ததற்கான எந்தக் காகிதமும் இல்லை. ஆகவே அந்தப் பங்கு மாற்றமே நிற்கவில்லை என்று வழக்கறிஞர் எழுதிவிட்டார். விலகியவரை மறுபடி தேடிப் பிடித்து, புதிய பத்திரத்தில் கையெழுத்து வாங்க வேண்டியதாயிற்று. அதற்குள் இரண்டு வருஷம் ஓடியிருந்தது, அவர் வெளிநாட்டில் இருந்தார், கம்பெனியின் மதிப்பும் ஏறியிருந்தது. பழைய விலைக்கு மறுபடி கையெழுத்துப் போட அவருக்கு மனம் வரவில்லை. அதில் அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை.

உங்களுக்கும் கம்பெனிக்கும் நடுவே மூன்று தனித்தனி உறவுகள் இருக்கின்றன. நீங்கள் இயக்குநர், அங்கே வேலை செய்பவர், பங்குதாரர். ராஜினாமா முதல் இரண்டை மட்டுமே முடித்துவைக்கும். பங்கு அப்படியே உங்கள் பெயரில்தான் இருக்கும். அதனால் பங்கு விஷயத்தை முடித்துவிட்டு இயக்குநர் பதவியிலிருந்து இறங்குவதே நல்லது.

பங்கிலேயே முதலில் பார்க்க வேண்டியது உங்கள் ஒப்பந்தத்தின் வெஸ்டிங் பகுதி. 48 மாதத்துக்கு 4,800 பங்கு, அதாவது மாதம் 100. 30 மாதத்தில் 3,000 பங்கு முழுசாக உங்களுடையதாகிவிட்டது. மீதி 1,800-ஐ மட்டும்தான் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடமை இருக்கும். "எல்லாப் பங்கையும்" என்று நண்பர் கேட்பது ஒப்பந்தத்தை மீறிய கேட்பு. ஆனால் ஒரு எச்சரிக்கை. விலகுகிறவரை நல்ல முறையில் விலகுபவர், தவறான முறையில் விலகுபவர் என்று இரண்டாகப் பிரிக்கும் ஒரு விதி இத்தகைய ஒப்பந்தங்களில் இருக்கும். சில ஒப்பந்தங்கள், குறிப்பிட்ட காலத்துக்கு முன் தானாக ராஜினாமா செய்பவரையும் இரண்டாவது வகையில் தள்ளி, வெஸ்ட் ஆன பங்கிலும் கைவைக்கும். உங்களுடையது அப்படியா, குடும்பக் காரணம், உடல்நலம் ஆகியவற்றுக்கு விலக்கு இருக்கிறதா என்று வரிவரியாகப் படியுங்கள். இருந்தால் அந்த விலக்கின் கீழ்தான் விலகுகிறேன் என்று எழுத்தில் பதிவாக வேண்டும்.

அடுத்து விலை. இங்கேதான் நண்பர்களாகப் பிரிகிறவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஒருவரை ஒருவர் ஏமாற்றுவதில்லை. இருவரும் சேர்ந்து வருமான வரியில் மாட்டுகிறார்கள். உங்கள் கம்பெனியைப் பற்றிப் பேசும்போது மூன்று விலைகள் உலவும். முகமதிப்பு 10 ரூபாய். ஏஞ்சல்கள் கொடுத்தது 5,000 ரூபாய். இவை இரண்டுக்கும் நடுவே, வருமான வரி விதிகளின்படி கம்பெனியின் கணக்குப் புத்தகத்திலிருந்து கணக்கிடப்படும் நியாயச் சந்தை மதிப்பு. பட்டியலிடப்படாத ஈக்விட்டிப் பங்குக்கு இது பெரும்பாலும் நிகர சொத்தை வைத்து வருவது. ஏஞ்சல் பணத்தில் பாதிக்கு மேல் சம்பளத்துக்கும் சர்வருக்கும் செலவாகி, கடன்கள் போக நிகரமாக 21,60,000 ரூபாய் நிற்கிறது என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். மொத்தப் பங்கு 10,800. ஒரு பங்குக்கு 200 ரூபாய்.

இப்போது நண்பர் சொன்னபடி 4,800 பங்கையும் 10 ரூபாய்க்கு மாற்றினால் உங்கள் கைக்கு வருவது 48,000. வரிச் சட்டம் அந்த 48,000-ஐ ஏற்காது. நியாய மதிப்பான 9,60,000-க்கு விற்றதாகவே உங்கள் மூலதன ஆதாயத்தைக் கணக்கிடும். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த பங்கு என்பதால் 12.5 சதவீதம், ஆதாயம் 9,12,000 என்றால் வரி 1,14,000, செஸ் தனி. 48,000 வாங்கி அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வரி கட்டுவீர்கள். அதே 9,12,000 வித்தியாசம் உங்கள் நண்பரின் வருமானத்திலும் சேரும், குறைந்த விலைக்குச் சொத்து கிடைத்தது என்பதற்காக. அவர் 30 சதவீத வரி வரம்பில் இருந்தால் அவருக்கு 2,73,600. ஒரே கைமாற்றத்துக்கு இரண்டு பக்கமும் வரி. நண்பரிடம் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். பத்து ரூபாய் யோசனையை அவரே விட்டுவிடுவார்.

1,800 பங்கை மட்டும் 200 ரூபாய்க்கு மாற்றினால் அவர் தர வேண்டியது 3,60,000. உங்கள் ஆதாயம் 3,42,000, வரி 42,750 அளவில். அவருக்கு வரி இல்லை. ஒப்பந்தத்தில் "வெஸ்ட் ஆகாத பங்கு முகமதிப்புக்கு" என்று எழுதியிருந்தால், முதலீட்டாளர்களும் சேர்ந்து கையெழுத்திடும் ஒரு திருத்த ஆவணத்தில் அதை நியாய மதிப்பு என்று மாற்றிக்கொள்ளலாம். 200 என்பது நான் போட்ட எண். உண்மையான எண்ணை மாற்றம் நடக்கும் தேதிக்கு உங்கள் ஆடிட்டர் கணக்கிட்டு எழுத்தில் தர வேண்டும். போன மார்ச் பேலன்ஸ் ஷீட்டை வைத்து யாரும் வாய்மொழியாகச் சொல்லும் எண்ணை நம்பிப் பத்திரம் எழுதாதீர்கள்.

"கம்பெனியே வாங்கிக்கட்டுமே" என்று இந்தக் கட்டத்தில் யாராவது சொல்வார்கள். கம்பெனி தன் பங்கைத் தானே நினைத்தபடி ஒருவரிடம் மட்டும் வாங்க முடியாது. பைபேக் என்று தனி நடைமுறை உண்டு. அதற்கு உச்ச வரம்பு உண்டு, மற்றப் பங்குதாரர்களுக்கும் விகிதப்படி வாய்ப்புத் தர வேண்டும். உங்கள் அளவுக் கம்பெனிக்கு அந்தப் பாதை வேண்டாம்.

மீதி 3,000 பங்கை வைத்துக்கொள்ளலாமா? வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் நண்பரின் பயமும் நியாயமானதுதான். 10,800-இல் 3,000 என்பது 27.8 சதவீதம். சிறப்புத் தீர்மானம் நிறைவேற, எதிர்ப்பு வாக்குகளைப் போல மூன்று மடங்கு ஆதரவு வாக்குகள் வேண்டும். எதிராக 3,000 விழுந்தால் ஆதரவு 9,000 வேண்டும். மீதி இருப்பதோ 7,800. அதாவது அலுவலகத்துக்கே வராத, வேறு கம்பெனியில் வேலை பார்க்கிற நீங்கள் ஒருவர் நினைத்தால், கம்பெனியின் உள்விதிகளான ஆர்ட்டிகிள்ஸைத் திருத்தும் எந்தத் தீர்மானத்தையும் நிறுத்திவிடலாம். அடுத்த சுற்றுக்குப் பணம் போட வருகிறவர் முதலில் இதைத்தான் பார்ப்பார். அவர் பின்வாங்கினால் உங்கள் 3,000 பங்கும் வெறும் காகிதமாகிவிடும்.

என் யோசனை இது. 400 பங்கை, இருவரும் பேசி முடிவு செய்கிற விலைக்கு, அதாவது நியாய மதிப்புக்குக் குறையாமல், நண்பருக்கோ ஏஞ்சல்களுக்கோ விற்றுவிடுங்கள். 2,600 மிஞ்சும். எதிராக 2,600 விழுந்தாலும் ஆதரவாக 8,200 இருக்கும். மூன்று மடங்குக்குத் தேவை 7,800. தடுக்கும் பலம் போய்விடும், பங்கின் பெரும்பகுதி உங்களிடமே நிற்கும். இப்படி ஒரு படி இறங்கினால் மற்றப் பேச்சுகளும் சுலபமாக முடிவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

சரி, முதலீட்டாளர்களுக்கு எப்போது சொல்வது? முதலில். "எல்லாம் முடிந்ததும்" என்பது உங்கள் ஒப்பந்தப்படியே மீறலாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. ஏஞ்சல்கள் கையெழுத்திடும் ஒப்பந்தங்களில் நிறுவனர்களின் பங்குக்குப் பூட்டு இருக்கும். அவர்கள் சம்மதமில்லாமல் விற்க முடியாது. விற்பதாக இருந்தால் முதலில் எங்களுக்குக் கொடு என்ற முன்னுரிமை இருக்கும். நீ விற்கும்போது எங்கள் பங்கையும் சேர்த்து விற்றுத் தா என்ற உரிமையும் இருக்கலாம். நிறுவனர் பொறுப்பிலிருந்து விலகுவதே அவர்கள் முன்சம்மதம் வேண்டிய விஷயங்களின் பட்டியலில் இருப்பதும் சகஜம். இவையெல்லாம் கம்பெனியின் ஆர்ட்டிகிள்ஸிலும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஆர்ட்டிகிள்ஸில் இல்லாத தடை பிரைவேட் கம்பெனியின் பங்கு மாற்றத்தைக் கட்டுப்படுத்தாது என்று வி.பி. ரங்கராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு அவர்களிடம் மறைக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். உங்கள் மேல் நம்பிக்கை வைத்துப் பணம் போட்டவர்கள் அவர்கள். இன்னும் 2,600 பங்கோடு அவர்களுடன் ஒரே கம்பெனியில் இருக்கப் போகிறவர் நீங்கள்.

நீங்களும் நண்பரும் சேர்ந்து, ஒரே நாளில், மூன்று பேருக்கும் போன் செய்யுங்கள். ஒருவர் இன்னொருவர் மூலம் கேள்விப்படக் கூடாது. அவர்கள் கேட்கப்போவது பெரும்பாலும் மூன்று கேள்வி: மென்பொருளை இனி யார் பார்ப்பார்கள், அதன் மூலக் கோடு முழுக்கக் கம்பெனி பெயரில் இருக்கிறதா, போகிறவரிடம் எவ்வளவு பங்கு நிற்கும். பதிலோடு போன் செய்யுங்கள். அன்றே எழுத்து நோட்டீஸும் போக வேண்டும். வாட்ஸ்அப் செய்தி நோட்டீஸ் ஆகாது. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் யாருக்கு, எந்த முகவரிக்கு, மெயில் செல்லுமா, எத்தனை நாளில் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் என்றெல்லாம் இருக்கும். அதன்படி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். வாசகம் இந்த அளவுக்கு எளிமையாக இருந்தால் போதும்:

"நான் குடும்பக் காரணத்தால் இயக்குநர் பொறுப்பிலிருந்தும் வேலையிலிருந்தும் இன்ன தேதியில் விலக விரும்புகிறேன். ஒப்பந்தத்தின் இன்ன பிரிவின்படி வெஸ்ட் ஆகாத 1,800 பங்குகளையும், அதோடு 400 பங்குகளையும், இன்ன விலைக்கு, இன்னாருக்கு மாற்ற உத்தேசம். மீதி 2,600 பங்குகள் என்னிடம் இருக்கும். இன்ன பிரிவில் உங்களுக்குள்ள முன்வாங்கும் உரிமையைப் பயன்படுத்த விரும்பினால் இன்ன தேதிக்குள் தெரிவிக்கவும். விரும்பாவிட்டால் இணைத்துள்ள விட்டுக்கொடுப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டு அனுப்பவும்."

அந்த விட்டுக்கொடுப்புக் கடிதம் முக்கியம். ஒப்பந்தத்தில் 30 நாள் என்று இருந்தால், பதில் வராத பட்சத்தில் முழு 30 நாளும் காத்திருக்க வேண்டும். மூவரும் கையெழுத்திட்டுத் தந்தால் அன்றே அடுத்த வேலைக்குப் போகலாம். ஒருவர் மட்டும் தராமல் இழுத்தால், மற்ற இருவரின் கடிதத்தை வைத்துக்கொண்டு அவசரப்படாதீர்கள். உரிமை ஒவ்வொருவருக்கும் தனித்தனியானது.

இதற்கிடையில் உங்கள் பங்குச் சான்றிதழைத் தேடி எடுங்கள். சின்னக் கம்பெனிகள் பலவற்றில் அது அச்சடிக்கப்படவே இல்லை என்பதைக் கடைசி நாளில்தான் கண்டுபிடிக்கிறோம். இல்லையென்றால் போர்டு முதலில் சான்றிதழைத் தர வேண்டும். சான்றிதழ் இல்லாமல் மாற்றம் நகராது. பங்குகள் டீமேட் என்ற மின்னணு வடிவத்துக்குப் போயிருந்தால் டெபாசிட்டரி வழியாகத்தான் மாற்றம், காகிதப் பத்திரம் கிடையாது. சிறு நிறுவனம் என்ற வரையறைக்குள் வரும் கம்பெனிக்கு டீமேட் கட்டாயமில்லை. உங்களுடையது இன்னும் காகிதத்தில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

காகிதம் என்றால் பங்கு மாற்றப் படிவம் SH-4. மாற்றுபவர், வாங்குபவர் இருவர் கையெழுத்தும், சாட்சியும் வேண்டும். வாங்குபவர் இரண்டு பேரானால் இரண்டு படிவம். முத்திரைத் தீர்வை விலையில் 0.015 சதவீதம், 3,60,000-க்கு வெறும் 54 ரூபாய். தொகை சின்னது என்று அலட்சியம் வேண்டாம். பங்கு மாற்ற முத்திரை ஒட்டி, குறுக்கே கோடு போட்டு ரத்து செய்யாத பத்திரத்தைக் கம்பெனி பதிவு செய்யக் கூடாது. படிவத்தில் எழுதிய தேதியிலிருந்து 60 நாளுக்குள் சான்றிதழோடு கம்பெனியிடம் சேர்ந்தாக வேண்டும். அதனால் விட்டுக்கொடுப்புக் கடிதங்கள் வரும்முன் தேதி போடாதீர்கள். பணம் வங்கி வழியாக வரட்டும். பின்னால் வரும் தேதி போட்ட செக்கை நம்பி SH-4-ஐக் கையை விட்டுக் கொடுப்பது நட்பாக இருந்தாலும் எனக்குச் சம்மதமில்லை. பணம் கணக்கில் ஏறிய அன்று பத்திரம் கைமாறட்டும்.

இனி ரகசியம் காப்பது. நண்பர் இங்கே இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாக்குகிறார். வெளியே போன பிறகு மூன்று வருஷம் இந்தத் துறையில் வேலை செய்யாதே என்பது தொழில் செய்வதற்குத் தடை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 27-ஆம் பிரிவுப்படி அத்தகைய தடை செல்லாது. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் தொடரும் தடை செல்லாது என்று, கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் சம்பந்தப்பட்ட 2006 வழக்கிலும் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. ஆனால் அந்தப் பிரிவுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு: தொழிலின் நற்பெயரையும் சேர்த்து விற்பவர், நியாயமான எல்லைக்குள் அதே தொழிலைச் செய்ய மாட்டேன் என்று ஒப்புக்கொண்டால் அது செல்லும். நீங்கள் பங்கு விற்கிறீர்கள். பின்னால் யாராவது இதை நற்பெயரோடு சேர்ந்த விற்பனை என்று வாதாடலாம். ஆகவே "எப்படியும் செல்லாதுதானே" என்று நினைத்துக் கையெழுத்திடாதீர்கள். அந்த வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

ரகசியக் காப்பு வேறு. அது செல்லும், நீங்கள் கையெழுத்திடவும் வேண்டும். இந்தியாவில் தொழில் ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் கிடையாது. ஆகவே எது ரகசியம் என்பதை ஒப்பந்த வாசகம்தான் தீர்மானிக்கும். "கம்பெனி சம்பந்தப்பட்ட எல்லாத் தகவலும்" என்று எழுதினால் நாளைக்கு நீங்கள் வாய் திறக்கவே முடியாது. அதை நிரூபிக்கவும் கம்பெனியால் முடியாது. பெயர் சொல்லி எழுதுங்கள். மூலக் கோடு, ஒவ்வொரு சாய ஆலைக்கும் நீங்கள் கொடுத்த சந்தா விலை, அந்த ஆலைகள் உங்கள் மென்பொருளில் பதிவு செய்திருக்கிற கிலோ ரேட்டும் பார்ட்டி பெயர்களும், இன்னும் வெளிவராத அம்சங்கள், முதலீட்டாளர் ஆவணங்கள். இவற்றில் கோடும் வாடிக்கையாளரின் தரவும் ரகசியமாக இருக்கும்வரை காக்கப்பட வேண்டும். விலைப் பட்டியல் போன்றவற்றுக்கு இரண்டு அல்லது மூன்று வருஷம் போதும். எது ரகசியமில்லை என்பதையும் எழுதுங்கள்: பொதுவெளியில் கிடைப்பது, கம்பெனிக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்தது, உங்கள் தொழில் திறமை. லாட் பிரித்து சாயத்துக்கு அனுப்புவது எப்படி என்று திருப்பூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்; அது கம்பெனியின் ரகசியம் ஆகாது. குறிப்பிட்ட ஓர் ஆலை, குறிப்பிட்ட நிறத்துக்கு என்ன ரேட் வாங்குகிறது என்பது ரகசியம்.

மூலக் கோடு பற்றி இன்னொன்று. கம்பெனி பதிவாவதற்கு முன்பே நீங்கள் எழுதிய பகுதி ஏதாவது இருந்தால், அதன் பதிப்புரிமை இன்னமும் உங்களுடையதாக இருக்கலாம், ஏனென்றால் அப்போது நீங்கள் கம்பெனியின் ஊழியர் இல்லை. ஏஞ்சல்களிடம் கையெழுத்திட்டபோது, எல்லா உரிமையும் கம்பெனியிடம் இருக்கிறது என்று நீங்களும் உறுதி கொடுத்திருப்பீர்கள். அதைச் சரிசெய்யாமல் போனால் மாட்டுவது நீங்கள்தான். கையெழுத்துள்ள ஓர் உரிமை மாற்று ஆவணம் போடுங்கள். காலம் எழுதாவிட்டால் பதிப்புரிமைச் சட்டப்படி 5 வருஷம் மட்டுமே, எல்லை எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே என்று ஆகிவிடும். "பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும்" என்ற சொற்கள் அதில் இருக்க வேண்டும். மாற்றி வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் உரிமை திரும்பிவிடும் என்ற விதி இதற்குப் பொருந்தாது என்றும் சேர்க்க வேண்டும்.

லேப்டாப், கிட்ஹப் கணக்கு, சர்வரின் மூலக் கணக்கு, டொமைன் பெயர், உங்கள் போனுக்கு ஓடிபி வரும் ஜிஎஸ்டி, வங்கி உள்நுழைவுகள், ஆலைக்காரர்களோடு உள்ள வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றையும் பட்டியலிட்டு ஒப்படைத்து, நண்பரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஒப்படைக்கும்முன் "சுத்தம் செய்கிறேன்" என்று எதையும் அழிக்காதீர்கள். கம்பெனித் தரவை அனுமதியின்றி நகலெடுப்பதும் அழிப்பதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் கேள்வியாகும். உங்கள் சொந்தப் புகைப்படங்கள் இருந்தால் நண்பர் முன்னாலேயே பிரித்தெடுங்கள். கம்பெனி பெயரில் வாங்கிய கடனுக்கு நீங்கள் தனிப்பட்ட ஜாமீன் கொடுத்திருந்தால் ராஜினாமா அதை விடுவிக்காது. வங்கியிடம் தனியாக விடுதலைக் கடிதம் வாங்க வேண்டும்.

புதிய வேலையில் சேரும்போது, பழைய கம்பெனிக்கு ரகசியக் கடமை இருக்கிறது, எந்தக் கோப்பும் கொண்டுவரவில்லை என்று முதல் நாளே மெயிலில் எழுதிவிடுங்கள். நீங்கள் இங்கே பங்குதாரராகவும் தொடர்வதால் வருஷக் கணக்கும் பொதுக்குழு நோட்டீஸும் உங்களுக்கு வரும். அதையும் புது அலுவலகத்தில் யாரிடமும் காட்டக் கூடாது. போட்டிக் கம்பெனியில் இருக்கிறவரை சட்டம் தரும் தகவலுக்கு மேல் கேட்க மாட்டேன் என்று நீங்களாகவே எழுதிக் கொடுத்தால், மூன்று வருஷத் தடை கேட்ட நண்பருக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருக்கும்.

கடைசியாக அந்தக் கூட்டம். விட்டுக்கொடுப்புக் கடிதங்கள், ஆடிட்டரின் மதிப்பீடு, விலகல் ஒப்பந்தம், SH-4, சான்றிதழ், பணம் எல்லாம் தயாரான பிறகு, ஏழு நாள் நோட்டீஸ் கொடுத்து ஒரு போர்டு கூட்டம் வையுங்கள். முதல் தீர்மானம் புதிய கூடுதல் இயக்குநர் நியமனம். ஆர்ட்டிகிள்ஸ் அதற்கு இடம் தர வேண்டும், அவரிடம் இயக்குநர் அடையாள எண்ணும் சம்மதக் கடிதமும் முன்பே இருக்க வேண்டும். இரண்டாவது தீர்மானம் உங்கள் பங்கு மாற்றப் பதிவு. மூன்றாவதாக உங்கள் ராஜினாமா கடிதம் மேஜைக்கு வரட்டும், அன்று மாலை அலுவல் முடிந்த நேரத்திலிருந்து நடப்பு என்ற தேதியோடு. மினிட்ஸில் இந்த வரிசை அப்படியே பதிவாக வேண்டும்.

பங்கு மாற்றத்துக்கென்று கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ தளத்தில் தனிப் படிவம் எதுவும் ஏறாது. வருஷ ரிட்டர்னில்தான் வரும். ஆகவே உறுப்பினர் பதிவேட்டின் அந்தப் பக்கத்தைச் சான்றளித்த நகலாகக் கேட்டு வாங்குங்கள், 2,600 பங்குக்கான புதுச் சான்றிதழையும் கூடவே. ராஜினாமாவைத் தெரிவிக்கும் DIR-12 படிவத்தைக் கம்பெனி 30 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த 30 நாள் முடிவதற்குள் தளத்தில் கம்பெனியின் பெயரைத் தட்டி, இயக்குநர் பட்டியலில் உங்கள் பெயர் நீங்கிவிட்டதா என்று பாருங்கள். நீங்கவில்லையென்றால் நண்பரிடம் ஒருமுறை கேளுங்கள். அதற்கும் நடக்கவில்லையென்றால் ராஜினாமா கடிதத்தையும் அது சேர்ந்ததற்கான ஆதாரத்தையும் வைத்து, விலகியவர் தரும் DIR-11 படிவத்தை நீங்களே தாக்கல் செய்யலாம்.